இரவு பத்தரைக்கு ஒரு ட்யூட்டி மாற்றம்

ஐம்பது படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். முப்பது செவிலியர்கள் வரை வேலை செய்கிறார்கள். எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். ட்யூட்டி லிஸ்ட் போடும் இன்சார்ஜ் சிஸ்டர் இரவு பதினொரு மணிக்கு அந்தக் குழுவில் “நாளை காலை யாராவது வர முடியுமா?” என்று கேட்கிறார். அதற்கு ‘ஆம்’ என்று சொல்லும் நிலையில் இருப்பவர்கள் இரண்டு பேரோ மூன்று பேரோதான். போன் அடிப்பது முப்பது பேருக்கும். விடுதியில் ஓர் அறையில் நான்கு பேர் படுத்திருந்தால் ஒருவரின் போன் போதும், நால்வரும் எழுந்துவிடுவார்கள். பதில் வராததால் பத்து நிமிடம் கழித்து இன்சார்ஜ் ஒரு கேள்விக்குறியை மட்டும் அனுப்புவார். அதற்கும் முப்பது போன்கள் அடிக்கும்.

இந்த அத்தியாயம் ட்யூட்டி லிஸ்ட் போடுபவருக்கானது. மருத்துவமனையை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே இரவில் யாரையும் கூப்பிடவே கூடாது என்று சொல்லிவிட முடியாது. நூற்பாலை, ஓட்டல், செக்யூரிட்டி ஏஜென்சி என்று ஷிப்ட் வேலை நடக்கும் எந்த இடத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

யாருடைய இரவு?

அமைதி நேரம் என்றால் இரவு பத்து முதல் காலை ஆறு வரை என்று எழுதிவிடுவது வழக்கம். அலுவலகத்துக்கு அது சரியாக வரும், வார்டுக்கு வராது. நம் மருத்துவமனையில் காலை ட்யூட்டி 7 முதல் 2 வரை, மதியம் 2 முதல் 9 வரை, நைட் 9 முதல் காலை 7 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நைட் முடித்த சிஸ்டர் ஏழரைக்குக் கிளம்பி, வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டுப் படுக்க ஒன்பதாகிவிடும். இன்சார்ஜ் அலுவலக அறையில் வந்து உட்கார்ந்து, “பகல் நேரம்தானே” என்று அவருக்கு மெசேஜ் அனுப்புவது பத்தரைக்கு. அந்த சிஸ்டருக்கு அது நடு இரவு. பகல் தூக்கம் எப்படியும் குறைவாகத்தான் வரும். நடுவில் கலைந்தால் அன்று இரவு அவர் ஊசி போடுவதும் அந்தத் தூக்கக் குறையோடுதான்.

அதனால் ட்யூட்டி லிஸ்டின் ஓரத்தில் ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். காலை ட்யூட்டிக்காரருக்கு இரவு 9.30 முதல் காலை 5.30 வரை அமைதி நேரம். மதியம் பார்ப்பவருக்கு இரவு 11 முதல் காலை 7.30 வரை. நைட் பார்ப்பவருக்குக் காலை 8.30 முதல் மாலை 4 வரை. ஷிப்ட் நேரம் மாறினால் இந்த எண்களும் மாறும். எண்களைவிட, மெசேஜ் அனுப்பும் முன் கடிகாரத்தைப் பார்க்காமல் லிஸ்டைப் பார்க்கும் பழக்கம் வருவதுதான் முக்கியம். நைட் சிஸ்டரிடம் எதையாவது சொல்ல வேண்டுமானால் அதற்குத் தோதான நேரம் இரவு ஒன்பதரை. பலர் இதைச் செய்யத் தயங்குகிறார்கள், ராத்திரி மெசேஜ் அனுப்புவது மரியாதை இல்லை என்று நினைத்து. அவரோ அப்போதுதான் ட்யூட்டிக்கு வந்து உட்கார்ந்திருப்பார்.

லிஸ்ட் எப்போது வருகிறது?

இரவு நேர மெசேஜ்களில் பெரும்பாலானவை அவசரத்தால் வருபவை அல்ல என்பது என் கருத்து. லிஸ்ட் தாமதமாக வருவதால் வருகின்றன. திங்கட்கிழமை தொடங்கும் வாரத்துக்கான லிஸ்டை ஞாயிறு இரவு ஒன்பதரைக்குக் குழுவில் போட்டால், பத்து மணிக்குள் “எனக்கு புதன் ஆஃப் கேட்டிருந்தேனே சிஸ்டர்” என்று ஒருவர் கேட்பார். அவருக்கு மாற்றிக் கொடுத்தால் இன்னொருவருக்கு இடிக்கும். அதைச் சரிசெய்து முடிக்கப் பதினொன்றரை ஆகும்.

லிஸ்டை வியாழன் மாலை நான்கு மணிக்குப் போடுங்கள். அந்த நேரத்தில் காலை ட்யூட்டி முடித்தவர் வீட்டுக்குப் போயிருப்பார், மதியத்துக்காரர் வேலைக்கு வந்திருப்பார், நைட்காரரின் அமைதி நேரமும் முடிந்திருக்கும். மாற்றம் கேட்க வெள்ளி மாலை வரை நேரம் கொடுங்கள். சனி மதியம் இறுதி லிஸ்ட். அதற்குப் பின் வரும் மாற்றக் கோரிக்கைகளை, உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு என்பவை தவிர, மறுநாள் வேலை நேரத்தில்தான் பார்ப்பேன் என்று ஒருமுறை சொல்லி, அதன்படி நடந்துகாட்டுங்கள். நீங்களே இரவு பதினொன்றுக்குப் பதில் போட்டால் அந்த விதி அன்றோடு போச்சு.

குழுவையும் இரண்டாகப் பிரிப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் அட்மின் மட்டுமே எழுதும்படி ஒரு குழுவை வைக்கலாம். அதில் லிஸ்டும் லிஸ்ட் மாற்றமும் மட்டும் வரட்டும். பிறந்தநாள் வாழ்த்து, கேக் படம், காணாமல்போன பேனா எல்லாம் இன்னொரு குழுவில் இருக்கட்டும். இரண்டாவது குழுவை யார் ம்யூட் செய்தாலும் நஷ்டமில்லை. முதல் குழுவை யாராவது ம்யூட் செய்திருந்தால், தேவையில்லாத எதையோ அதில் போட்டிருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

சனி இரவு 10.40

ஞாயிறு காலை பெண்கள் வார்டில் இரண்டு சிஸ்டர்கள் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் சனி இரவு 10.40க்கு இன்சார்ஜுக்கு மெசேஜ் அனுப்புகிறார்: காய்ச்சல் 102, காலையில் வர முடியாது.

முதலில் அவருக்குப் பதில் போடுங்கள். “சரிம்மா, நான் பார்த்துக்கிறேன், நீங்க படுங்க.” அவர் விழித்துக்கொண்டு இதற்காகத்தான் காத்திருக்கிறார். பதில் தராமல் மாற்று ஆள் தேடப் போனால், காய்ச்சலோடு போனையே பார்த்துக்கொண்டிருப்பார். இது அமைதி நேர மெசேஜ்தான். ஆனாலும் அனுப்பியே தீர வேண்டியது.

அடுத்து, காலை ஏழுக்குள் தீர வேண்டியது எது என்று பாருங்கள். வார்டில் பதினான்கு நோயாளிகள், அவர்களில் இருவர் முந்தைய நாள் ஆபரேஷன் ஆனவர்கள் என்றால் ஒருவரை வைத்து ஓட்ட முடியாது. ஆள் தேவை. அது யார் என்பது மட்டும்தான் இன்றிரவு தீர வேண்டியது. அவர் விட்ட ட்யூட்டியை எப்படி ஈடு செய்வது, வார லிஸ்ட் எப்படி நகரும் என்பதெல்லாம் ஞாயிறு மதியத்துக்கு.

இங்கேதான் ஸ்டாண்ட்-பை என்ற ஏற்பாட்டின் பலன் தெரியும். ஒவ்வொரு நாளுக்கும் ஒருவர், அன்று இரவு கூப்பிட்டால் வருவேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர், லிஸ்டில் இருக்க வேண்டும். ஸ்டாண்ட்-பை சிஸ்டரை இரவில் மெசேஜ் வழியாக எழுப்பப் பார்க்காதீர்கள், போன் செய்யுங்கள். மெசேஜ் ஒலி தூங்குபவரை எழுப்பாமலும் போகலாம், எழுப்பிவிட்டு விஷயம் என்னவென்று தெரியாமல் அலைக்கழிக்கவும் செய்யலாம். போனில் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும்.

போன் அடிக்கும் என்பதையும் முன்பே உறுதி செய்திருக்க வேண்டும். இப்போது பலர் இரவில் போனை டூ நாட் டிஸ்டர்பில் போட்டுவிட்டுத்தான் படுக்கிறார்கள், அதில் தவறும் இல்லை. ஸ்டாண்ட்-பை பார்ப்பவர் இன்சார்ஜ் எண்ணை ஆண்ட்ராய்டில் ஸ்டார் போட்ட தொடர்பாக வைத்து, அந்த எண்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். ஆனால் ஒலியளவே பூஜ்யத்தில் இருந்தால் இதனால் பயனில்லை. ஐபோனில் தொடர்பின் ரிங்டோன் பகுதிக்குள் Emergency Bypass என்று இருக்கும். அதை இயக்கினால் போன் சைலண்டில் இருந்தாலும் அந்த எண்ணுக்கு மணி அடிக்கும். திரும்பத் திரும்பக் கூப்பிடுபவரை உள்ளே விடும் வசதி இரண்டிலும் உண்டு. ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள்ளும், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள்ளும் அதே எண்ணிலிருந்து இரண்டாவது அழைப்பு வந்தால் மணி கேட்கும். ‘அதே எண்’ என்பதைக் கவனியுங்கள். முதல் முறை உங்கள் கைப்பேசியிலிருந்தும் இரண்டாம் முறை ரிசப்ஷன் லேண்ட்லைனிலிருந்தும் கூப்பிட்டால் இந்த வசதி வேலை செய்யாது. இரவு அழைப்புக்கு ஒரே எண் என்று முடிவு செய்து, ஒரு பகல் வேளையில் டூ நாட் டிஸ்டர்பைப் போட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

ஸ்டாண்ட்-பை சிஸ்டர் வருகிறேன் என்றுவிட்டார். இனி இன்றிரவு தெரிய வேண்டியவர் ஒருவர் மட்டும். அவர் அந்த வார்டில் நைட் பார்க்கும் சிஸ்டர், காலையில் ட்யூட்டியை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்காக. அவர் விழித்திருக்கிறார், மெசேஜ் போதும். காலை ட்யூட்டியின் இன்னொரு சிஸ்டருக்கு எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. ஏழு மணிக்கு வந்து நேரில் பார்த்துக்கொள்வார். குழுவுக்கும் ஒன்றும் இல்லை. “FYI” என்று போட்டு எல்லோருக்கும் தெரிவிக்கும் ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்ட்-பை சிஸ்டர் இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றால்? மணி 10.50. மதிய ட்யூட்டி முடித்து ஒன்பதுக்குக் கிளம்பியவர்கள் அநேகமாக இன்னும் படுத்திருக்க மாட்டார்கள். அவர்களில் மறுநாள் மதியம் ட்யூட்டி உள்ள ஒருவரிடம், காலைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். ஒவ்வொருவராகக் கேளுங்கள். மூவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் மூவரும் சரி என்று சொல்லிவிடக்கூடும். பிறகு இருவரை எழுப்பி வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும். பதினொன்றைத் தாண்டிவிட்டால் இரவுத் தேடலை நிறுத்திவிடுவதே என் யோசனை. நைட் சிஸ்டரிடம் ஒன்பது மணி வரை இருக்க முடியுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே பத்து மணி நேரம் பார்த்திருப்பவரிடம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. காலை ஆறு மணிக்கு ஆஃபில் இருக்கும், பக்கத்தில் வசிக்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவரும் இல்லையென்றால் ஒன்பது மணிக்கு வார்டில் நிற்க வேண்டியவர் இன்சார்ஜ்தான்.

யாரைக் கூப்பிடக் கூடாது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். தொடர் நைட் முடித்து நைட் ஆஃபில் இருப்பவர், விடுப்பில் ஊருக்குப் போனவர், மறுநாள் வேறு வார்டில் காலை ட்யூட்டி உள்ளவர். கேட்டால் உடனே சரி என்று சொல்லும் ஒரு சிஸ்டர் எல்லா மருத்துவமனையிலும் இருப்பார். விரல் தானாக அவர் பெயருக்குத்தான் போகும். அவரையும் கடைசியில் வையுங்கள்.

வாசகம்

இரவில் அனுப்பியே ஆக வேண்டிய மெசேஜ், பூட்டிய திரையில் தெரியும் முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். “சிஸ்டர்” என்று தனியாக ஒன்று, “தூங்கிட்டீங்களா” என்று இன்னொன்று, பிறகு விஷயம் என்று மூன்று முறை மணி அடிக்க வேண்டாம். நைட் சிஸ்டருக்கு இப்படி ஒரே மெசேஜ்:

“பெண்கள் வார்டு, ஞாயிறு 15 காலை 7 மணி: காலை சிஸ்டருக்குப் பதில் ஸ்டாண்ட்-பை சிஸ்டர் வருகிறார். அவரிடம் ஒப்படையுங்கள். பதில் தேவையில்லை.”

‘நாளை’ என்ற சொல்லை இரவு மெசேஜில் எழுதவே வேண்டாம். 12.20க்கு அனுப்பும் மெசேஜில் நாளை என்றால் விடியப்போகும் நாளா, அதற்கு அடுத்ததா என்பது படிப்பவரைப் பொறுத்தது. இரவு பதினொன்றுக்கு அனுப்பியதைக் காலை ஐந்தரைக்குப் படிப்பவருக்கும் இதே குழப்பம்தான். நைட் ட்யூட்டிக்குத் தேதி சொல்லும்போது சிக்கல் இன்னும் பெரிது. “15 நைட்” என்றால் 15 இரவு ஒன்பதுக்குத் தொடங்கி 16 காலை முடிவது என்று இன்சார்ஜ் நினைப்பார். புதிதாகச் சேர்ந்தவர் 15 காலை முடிகிற இரவு என்று எடுத்துக்கொள்ளலாம். “15 ஞாயிறு இரவு 9 முதல் 16 திங்கள் காலை 7 வரை” என்று முழுதாக எழுத கூடுதலாகப் பத்து விநாடி ஆகும்.

தவறாக அனுப்பிவிட்டால் திருத்துவதிலும் ஒரு பொறி உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதினைந்து நிமிடத்துக்குள் மெசேஜைத் திருத்தலாம். ஆனால் திருத்தியதற்குப் புதிதாக மணி அடிக்காது. முதல் முறை படித்துவிட்டுத் தூங்கப்போனவர் பழைய நேரத்தையே மனதில் வைத்திருப்பார். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், தேதியையும் நேரத்தையும் திருத்தாதீர்கள். அவை மாறினால் புது மெசேஜ்தான் போக வேண்டும், அது இரண்டாம் முறை எழுப்பினாலும்.

“தொந்தரவுக்கு மன்னிக்கவும், காலையில் பார்த்தால் போதும்” என்ற வாசகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலையில் பார்த்தால் போதும் என்றால் காலையில் அனுப்பினால் போதும். மேலிடத்திலிருந்து வந்த மெசேஜைப் பார்த்துவிட்டு, காலை வரை பதில் சொல்லாமல் இருக்கும் துணிச்சல் புதிதாகச் சேர்ந்த சிஸ்டருக்கு இருக்காது.

நேரம் குறித்து வைத்து அனுப்புதல்

இரவு பதினொன்றுக்குத் தோன்றியதை எழுதிவைத்துவிட்டால்தான் தூக்கம் வரும் என்பவர்கள் உண்டு. எழுதி, போகும் நேரத்தைக் காலைக்குக் குறித்துவிடலாம். ஜிமெயிலில் 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. டெலிகிராமில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் Schedule Message, Send without Sound என்று இரண்டு வழிகள் தெரியும். ஜிமெயிலும் டெலிகிராமும் குறித்த மெசேஜைத் தங்கள் சர்வரிலிருந்தே அனுப்புபவை, உங்கள் போன் அணைந்திருந்தாலும் போய்விடும். ஆண்ட்ராய்டின் கூகுள் மெசேஜஸ் அப்படி இல்லை. குறித்த நேரத்தில் போன் இயங்க வேண்டும், சிக்னலும் வேண்டும். இரவில் போனை அணைத்துவிட்டுப் படுப்பவர் இதை நம்பிக் காலை ஆறு மணி மெசேஜைக் குறித்துவைக்கக் கூடாது.

குறித்துவைத்த மெசேஜ் பழையதாகிவிடும் அபாயமும் இருக்கிறது. சனி இரவு “ஞாயிறு மதியம் நீங்கள் வர வேண்டும்” என்று எழுதி, காலை ஏழரைக்குக் குறித்துவிட்டுப் படுக்கிறீர்கள். விடியற்காலை ஏற்பாடு மாறிவிடுகிறது. மாற்றத்தைப் போனில் சொல்லிவிட்டீர்கள், ஏழரைக்குப் பழைய மெசேஜ் தானாகப் போய்ச் சேர்கிறது. கடைசியாக வந்ததைத்தான் அவர் நம்புவார். ஆகவே அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில் மாறக்கூடிய எதையும் குறித்துவைக்காதீர்கள். அதைக் காகிதத்தில் எழுதி, காலையில் கையால் அனுப்புங்கள். வார லிஸ்ட், கூட்ட நேரம், பயிற்சி வகுப்பு போன்றவற்றுக்குத்தான் இந்த வசதி பொருந்தும்.

விடுமுறை நாள்

பண்டிகை ட்யூட்டியில் சண்டை வருவது பெரும்பாலும் பகலை மட்டும் எண்ணுவதால். தீபாவளியன்று யாருக்கு ட்யூட்டி என்று கேட்டால் அன்றைய காலை, மதியம், இரவு என்று மூன்றைச் சொல்வார்கள். ஆனால் முந்தின இரவு ஒன்பதுக்கு வந்தவர்தான் விடியற்காலை எண்ணெய்க் குளியலை விடுகிறார். தீபாவளி இரவு வருபவருக்குப் பகல் முழுக்க வீட்டில்தான். கிறிஸ்துமஸிலும் அப்படியே. நள்ளிரவு ஆராதனைக்குப் போக விரும்புபவருக்கு வேண்டியது 24ஆம் தேதி நைட் இல்லாமல் இருப்பது. பண்டிகை லிஸ்டை முந்தின இரவிலிருந்து தொடங்கி எழுதி, பத்து நாள் முன்பே கொடுத்துவிட்டால் அன்றைக்கு அனுப்ப வேண்டிய மெசேஜ் குறையும்.

ரம்ஜானுக்கு இந்த முன்னேற்பாடு போதாது. பிறை தென்பட்டதைத் தலைமை காஜி அறிவித்த பிறகுதான் மறுநாள் பெருநாளா என்பது தெரியும், அது முன்னிரவில்தான் வரும். அந்த நேரத்தில் லிஸ்டை மாற்றத் தொடங்கினால் பத்து பேருக்காவது மெசேஜ் போகும். ஒரு வாரம் முன்பே இரண்டு லிஸ்ட் போட்டு, பிறை தெரிந்தால் ‘அ’, தெரியாவிட்டால் ‘ஆ’ என்று கொடுத்துவிடுங்கள். அறிவிப்பு வந்ததும் அட்மின் குழுவில் “லிஸ்ட் அ” என்று ஒரு வரி. எல்லோரும் அதற்காகத்தான் காத்திருப்பார்கள் என்பதால் ஒன்பதரையைத் தாண்டினாலும் அது தொந்தரவு ஆகாது.

மழைக்காலத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை என்று கலெக்டர் அறிவிப்பு இரவிலோ விடியற்காலையிலோ வரும். மருத்துவமனைக்கு விடுமுறை கிடையாது. ஆனால் சிறு குழந்தைகள் உள்ள சிஸ்டர்களிடமிருந்து அந்தக் காலையில் உங்களுக்குப் போன் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்டாண்ட்-பை ஒருவருக்குப் பதில் இருவராக இருந்தால் அந்தக் காலைகள் சமாளிக்கக்கூடியவை.

பண்டிகை நாளன்று ட்யூட்டி மாற்றத்தைப் பொதுக் குழுவில் போடுவது வீண். வாழ்த்துப் படங்களுக்கு இடையில் அது காணாமல் போய்விடும். “பொங்கல் நல்வாழ்த்துகள்” என்று தொடங்கி நான்காவது வரியில் ட்யூட்டியைச் சொருகுவதும் வேண்டாம். படிப்பவர் முதல் வரியோடு நிறுத்திவிட்டுப் பதிலுக்கு ஒரு கரும்புப் படம் அனுப்புவார்.

கூப்பிட்டதற்குக் கணக்கு

வேலை நேரத்துக்குப் பின் முதலாளியின் தொடர்புக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. அங்கே பதில் சொல்ல மறுத்தது நியாயமா என்று பார்க்கும்போது, எதற்காகக் கூப்பிட்டார்கள், எவ்வளவு இடைஞ்சல், கூப்பிட்டால் கிடைப்பதற்குத் தனியாக ஏதாவது தரப்படுகிறதா, அவருடைய வேலைப் பொறுப்பு என்ன, வீட்டுச் சூழல் என்ன என்றெல்லாம் பார்ப்பார்கள். நம் நாட்டில் இப்படி ஒரு சட்டம் நடைமுறையில் இல்லை. தனிநபர் மசோதாவாக நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதோடு சரி. கடன் வசூல் முகவர்கள் காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொல்லியிருக்கிறது. கடன் வாங்கியவருக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு நைட் முடித்துத் தூங்கும் சிஸ்டருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சட்டம் வரும்வரை ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். தேதி, கூப்பிட்ட நேரம், யாரை, எதற்கு, வந்தாரா, ஈடாக என்ன கொடுத்தோம் என்று ஆறு கட்டங்கள். ஸ்டாண்ட்-பை இருந்த நாளுக்கு ஒரு தொகையோ, வந்து வேலை பார்த்தால் ஒரு நாள் ஆஃபோ நிர்வாகத்திடம் பேசி முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அந்த ஆஃபை அதே மாதத்துக்குள் லிஸ்டில் போட்டுவிட வேண்டும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றால் அது மறைந்துபோகும், அவரும் அடுத்த முறை போனை எடுக்க மாட்டார். மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டும்போது ஒரே பெயர் நான்கு முறை இருந்தால் அடுத்த மாத ஸ்டாண்ட்-பையில் அவரை விட்டுவிடுங்கள். ‘எதற்கு’ என்ற கட்டத்தில் “லிஸ்டில் தவறு” என்று அடிக்கடி வந்தால், நோட்டை மூடிவிட்டு வியாழக்கிழமை லிஸ்டை எடுத்துப் பாருங்கள்.